பாட்டியின் மாத்திரையும் பேரப்பிள்ளையின் எடையும்: கன்னியாகுமரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுவீடாக மாத்திரை கொண்டுசெல்லும் தன்னார்வலச் சகோதரிகளுக்கும்,

வணக்கம்.

கல்குளம் வட்டத்தில் மருந்துக்கடை நடத்தும் ஒரு மருந்தாளுநர் எழுதும் மடல் இது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால், சுகருக்கும் பிரஷருக்குமான மாத்திரைகள் கோதையாற்று மலையடிவாரத்திலிருந்து நீரோடிக் கடற்கரை வரை வீட்டு வாசலுக்கே வந்து சேருகின்றன. நடக்க முடியாத முதியவர்களுக்கு இது பெரிய உதவி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வீடுகளில் பலவற்றில், மாத்திரை உண்ணும் பாட்டியோடு ஒன்றரை வயதுப் பேரப்பிள்ளையும் இருக்கிறது. தவழத் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ நான்கு வயது வரை, கைக்கு எட்டியதை வாயில் வைத்துப் பார்ப்பதுதான் குழந்தையின் இயல்பு. பெரியவர்களின் மாத்திரையைக் குழந்தை விழுங்கிவிட்டால் முதல் சில நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும், எந்தக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பவே கூடாது என்பதைத் திட்டத்தின் பயிற்சியிலேயே சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

கடைக்கு ஓடிவரும் பெற்றோர் முதலில் கேட்பது, "ஒரே ஒரு மாத்திரைதான், ஒண்ணும் ஆகாதுல்லா?" என்பது. ஒன்று என்ற எண்ணிக்கையில் விடை இல்லை. மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் மருந்து இருக்கிறது, அதைக் குழந்தையின் எடையால் வகுத்தால் ஒரு கிலோவுக்கு எவ்வளவு வருகிறது என்பதில்தான் விடை தொடங்குகிறது. பிரஷருக்குத் தரும் அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரையைப் பாருங்கள். அறுபது கிலோ எடையுள்ள பாட்டிக்கு அது கிலோவுக்கு 0.08 மில்லிகிராம். பத்துக் கிலோ எடையுள்ள பேரனுக்கோ அதே மாத்திரை கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், அதாவது ஆறு மடங்கு. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இந்த மருந்தைக் கிலோவுக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் விழுங்கியிருந்தால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது நச்சியல் மருத்துவர்கள் வகுத்திருக்கும் எல்லை. ஒற்றை மாத்திரையே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது.

எல்லா மாத்திரையும் இப்படியல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் தேவையற்ற பீதிதான் மிஞ்சும். எல்லா வீட்டிலும் கிடக்கும் பாராசிட்டமாலில், குழந்தைக்கு ஒரு வேளைக்கான சரியான அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஆரோக்கியமான சிறு குழந்தை ஒரே தடவையில் கிலோவுக்கு 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ விழுங்கியிருந்தால்தான் ஈரலைப் பற்றிய கவலை எழுகிறது. பத்துக் கிலோக் குழந்தை 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை விழுங்கியிருந்தால் கணக்கு கிலோவுக்கு 50. அது அளவுக்கு மீறியதுதான், ஆனாலும் ஆபத்தின் எல்லைக்கு வெகு கீழே. அதே குழந்தை 650 மில்லிகிராம் மாத்திரைகள் மூன்றை விழுங்கியிருந்தால் கிலோவுக்கு 195. அது எல்லைக் கோட்டிலேயே நிற்கிறது, மருத்துவமனைக்குப் போயே தீர வேண்டும். அந்த மூன்று மாத்திரைகளையே பதினெட்டுக் கிலோ எடையுள்ள ஐந்து வயது அக்காள் விழுங்கியிருந்தால் 108 தான் வரும். எடை குறைந்து மெலிந்த ஏழு கிலோக் குழந்தை விழுங்கியிருந்தால் 280-ஐ நெருங்கிவிடும். ஒரே வீட்டில், ஒரே அட்டையிலிருந்து, ஒரே எண்ணிக்கையில் விழுங்கிய பிள்ளைகளின் நிலை இவ்வளவு வேறுபடும்.

இந்தக் கணக்குக்கு எடை துல்லியமாகத் தெரிய வேண்டியதில்லை. அங்கன்வாடியில் கடைசியாக எடுத்த எடை போதும். ஐயம் இருந்தால் குறைவான எடையை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. மாத்திரை எண்ணிக்கையில் ஐயம் இருந்தால் கூடுதலான எண்ணிக்கையை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பிள்ளைகள் சேர்ந்து மாத்திரை அட்டையோடு விளையாடியிருந்தால், காணாமல் போனது முழுவதையும் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே விழுங்கியதாகவே கணக்கிட வேண்டும். பாதிப் பாதியாகப் பங்கிட்டுப் பார்ப்பது பெரியவர்களின் நியாயம். பிள்ளைகள் அப்படிப் பங்கிட்டுத் தின்பதில்லை.

ஆனால் இந்த எடைக் கணக்கே கைவிட்டுவிடும் ஒரு மாத்திரை வகை இருக்கிறது. இந்த மடலின் மையமும் அதுதான். சுகருக்குத் தரும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்து மருந்துகள். இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கின்றன. பாட்டியின் கணையம் களைத்துப்போனது, அவருடைய இரத்தத்தில் சர்க்கரையும் கூடுதலாக இருக்கிறது. அதனால் மருந்து அவருக்குச் சர்க்கரையைச் சரியான அளவுக்கு இறக்குகிறது. பேரனுடைய கணையமோ முழு வலுவோடு இருக்கிறது. மருந்து தூண்டினால் அது வேண்டிய மட்டும் இன்சுலினைக் கொட்டும். இறங்க வேண்டிய கூடுதல் சர்க்கரை அவனுடைய இரத்தத்தில் இல்லை. பசிக்கும் நேரத்தில் எடுத்துக்கொடுக்க அவனுடைய சிறிய ஈரலில் இருக்கும் சேமிப்பும் குறைவு. எடை, கணையம், ஈரல் ஆகிய மூன்றும் ஒரே திசையில் தள்ளுவதால், கிலோவுக்கு இவ்வளவு வரை பயமில்லை என்று சொல்லத்தக்க எல்லை இந்த மருந்துகளுக்கு இல்லை. ஒரு மாத்திரை என்றாலும் மருத்துவமனைதான்.

ஒரு நிகழ்வை விவரமாகக் கற்பனை செய்து பார்ப்போம். கருங்கல் பக்கத்தில் ஒரு வீடு. அம்மச்சிக்கு அறுபது கிலோ எடை. காலையில் மட்டும் கிளிமிபிரைடு 2 மில்லிகிராமும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராமும் சேர்ந்த ஒரு மாத்திரை. பேரனுக்கு வயது பதினாறு மாதம், எடை பத்துக் கிலோ. காலை எட்டரைக்கு அம்மச்சி முகம் கழுவப் போன நேரத்தில் பையன் மாத்திரை அட்டையோடு உட்கார்ந்திருக்கிறான். பத்து மாத்திரை கொண்ட அட்டை. இன்று நான்காம் நாள், இன்றைய மாத்திரையை அம்மச்சி உண்டுவிட்டார். ஆகவே ஆறு இருக்க வேண்டும், நான்குதான் இருக்கின்றன. ஒன்று தரையில் எச்சிலில் ஊறிப் பாதி கரைந்து கிடக்கிறது, மற்றொன்றைக் காணவில்லை. கரைந்ததில் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது என்பதால் அதையும் முழுதாகவே சேர்க்க வேண்டும். ஆக, இரண்டு மாத்திரை, 4 மில்லிகிராம் கிளிமிபிரைடு. கிலோவுக்கு 0.4 மில்லிகிராம். அம்மச்சி நாள்தோறும் உண்பதை அவருடைய எடையால் வகுத்துப் பார்த்தால், பேரனுக்குப் போயிருப்பது பன்னிரண்டு மடங்கு. கூட இருக்கும் மெட்ஃபார்மினைப் பற்றி இந்த அளவில் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அது தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. சிக்கல் என்னவென்றால், வீட்டில் இந்தக் கலவை மாத்திரையையும் "மெட்ஃபார்மின்" என்றே சொல்லிப் பழகியிருப்பார்கள். அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்க்காமல் தொலைபேசியில் "மெட்ஃபார்மின்தான்" என்று சொல்லிவிட்டால், மறுமுனையில் இருப்பவர் தவறான முடிவுக்கு வந்துவிடுவார்.

இப்போது அந்தத் தாய் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். முதலில் பையனின் வாயைத் திறந்து, கண்ணுக்குத் தெரியும் துண்டுகளை மட்டும் விரலால் வழித்து எடுத்து, ஈரத்துணியால் வாயையும் கையையும் துடைக்க வேண்டும். தெரியாத ஒன்றைத் தேடித் தொண்டைக்குள் விரலை விடக்கூடாது. இருக்கும் துண்டு மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. நம் ஊர்களில் இன்னும் உப்புத் தண்ணீரைக் கரைத்து வாயில் ஊற்றுகிறார்கள். அந்த உப்பே சிறு குழந்தையின் இரத்தத்தில் சோடியத்தை ஏற்றி மூளையைப் பாதிக்கும். சோப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், பச்சை முட்டை, அடுப்புக்கரி எதுவும் வேண்டாம். மருத்துவமனையில் தரும் மருத்துவக் கரி வேறு பொருள். அதையும் பெரும்பாலும் விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள், குழந்தை நல்ல விழிப்போடு இருந்தால்தான் தருவார்கள்.

அடுத்தது தொலைபேசி. குழந்தை மயங்கியிருந்தாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு சீராக இல்லாவிட்டாலோ நேராக 108. அது வரும் வரை குழந்தையை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் ஊட்டாமல் இருக்க வேண்டும்; மூச்சே இல்லை என்றால் 108-இல் பேசுபவர் சொல்லச் சொல்ல நெஞ்சை அழுத்தி மூச்சூதத் தொடங்க வேண்டும். குழந்தை நன்றாக இருக்கும்போது, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இரவும் பகலும் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தைக் கட்டணமின்றி 1800 116 117 என்ற எண்ணில் அழைக்கலாம். நம் மாநிலத்தின் 104 சேவையும் இருக்கிறது. அழைப்பவர் கையில் ஐந்து செய்திகள் இருக்க வேண்டும்: அட்டையில் உள்ள பெயர், மில்லிகிராம், காணாமல் போன எண்ணிக்கை, குழந்தையின் எடை, நடந்த நேரம். அட்டையையும் தரையில் கிடந்த துண்டையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போக வேண்டும். சுகர் மாத்திரை என்று தெரிந்துவிட்டால் தொலைபேசி பதிலுக்காகக் கூடக் காத்திருக்காமல் கிளம்பிவிட வேண்டும், வழியில் பேசிக்கொள்ளலாம். பேச்சிப்பாறை போன்ற தொலைவான இடங்களிலிருந்து வருகிறவர்கள், குழந்தை நல்ல விழிப்போடு இருந்து, வழியில் வியர்வையோ நடுக்கமோ தெரிந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். ஆனால் அதைக் கொடுத்துத் தெளிந்துவிட்டது என்று பாதி வழியில் திரும்பிவிடக் கூடாது. கண் சொருகிய குழந்தைக்கு அதையும் ஊட்டக்கூடாது, புரையேறிவிடும்.

இனி சொல்லப்போவது சுகாதார அலுவலர் அவர்களின் கவனத்துக்கு. கருங்கல் பையன் ஒன்பதேகாலுக்கு ஒரு மருத்துவமனையை அடைகிறான் என்று வைத்துக்கொள்வோம். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 92. பையன் சிரித்து விளையாடுகிறான். "ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள்" என்று சொல்வதற்கு எல்லாத் தூண்டுதலும் அங்கே இருக்கிறது. படுக்கை தட்டுப்பாடும் ஒரு காரணம். இங்கேதான் உயிர் போகிறது. இந்த மருந்துகளின் வேலை பல மணி நேரம் தாமதித்துத் தெரியலாம். பகலெல்லாம் பால், சோறு, பழம் என்று ஏதாவது உள்ளே போய்க்கொண்டிருப்பதால் சர்க்கரை தாக்குப்பிடிக்கும். இரவு பையன் நீண்ட நேரம் உண்ணாமல் தூங்கும்போதுதான் அது சரியும். பெரியவர்களைப் போல "தலை சுற்றுகிறது" என்று அவன் சொல்லமாட்டான். வியர்த்து வெளிறிப் பேசாமல் கிடப்பான். களைத்துத் தூங்குகிறான் என்று வீட்டில் நினைப்பார்கள். விடியற்காலையில் வலிப்பு வரும்போதுதான் தெரியவரும். மருத்துவமனை வாசலில் எடுத்த அந்த 92, வந்து சேர்ந்த நேரத்தில் சர்க்கரை இறங்கவில்லை என்பதை மட்டும்தான் காட்டுகிறது.

ஆகவே இந்தக் குடும்பத்து மாத்திரையை விழுங்கிய, அல்லது விழுங்கியிருக்கலாம் என்று ஐயப்படும் எந்தச் சிறு குழந்தையையும் குறைந்தது 24 மணி நேரம், ஓர் இரவையும் உள்ளடக்கி, மருத்துவமனையில் வைத்து, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும். வழக்கம்போல் சாப்பிடவிடலாம். சர்க்கரை சரியாக இருக்கும்போதே முன்னெச்சரிக்கையாக நரம்பு வழியே குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கினால், சரிவு மறைந்து பின்தள்ளிப் போகும். குளுக்கோஸை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிய பிறகு அது வெளிப்படும். 60-க்குக் கீழே இறங்கினால் பத்து விழுக்காட்டு குளுக்கோஸைக் கிலோவுக்கு 5 மில்லிலிட்டர் வீதம், அதாவது இந்தப் பையனுக்கு 50 மில்லிலிட்டர், நரம்பில் செலுத்த வேண்டும். அதோடு முடிவதில்லை: மருந்தால் தூண்டப்பட்டிருக்கும் கணையம், ஏற்றிய குளுக்கோஸைக் கண்டதும் மேலும் இன்சுலினைச் சுரந்து, சர்க்கரையை மறுபடி கீழே இழுக்கும். இந்தச் சுழலை அறுக்கும் மருந்து ஆக்ட்ரியோடைடு. அது கணையத்தின் சுரப்பையே அடக்கிவிடும். குழந்தைகள் பிரிவும் இரவுக் கண்காணிப்பும் உள்ள ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இத்தகைய குழந்தைகளை அனுப்பும்போது, வழியில் சர்க்கரை பார்க்கும் கருவியும் குளுக்கோஸும் கூடவே போக வேண்டும். குழந்தை நன்றாக இருக்கிறதே என்று பஸ்ஸில் அனுப்பிவிடக் கூடாது.

இனி என் வேண்டுகோள்கள். முதலாவது, மாத்திரை அட்டையை வெட்டுவதைப் பற்றியது. எண்ணிக்கைக்காக அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது, பெயரும் மில்லிகிராமும் அச்சிட்ட பகுதி பல நேரம் வேறொருவரின் பங்கோடு போய்விடுகிறது. சில இடங்களில் உதிரி மாத்திரையைக் காகித உறையில் போட்டு, உறைமேல் "காலை 1" என்று மட்டும் எழுதிக் கொடுக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர்களாகிய நாங்களும் இதைச் செய்கிறோம். எங்களையும் சேர்த்தே சொல்கிறேன். நெருக்கடி நேரத்தில் ஒரு வெள்ளை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அது எதுவென்று எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பெயரும் அளவும் கொடுத்த எண்ணிக்கையும் கொடுத்த தேதியும் உறைமேல் தமிழில் எழுதப்பட வேண்டும். எண்ணிக்கையும் தேதியும் இருந்தால்தான் எத்தனை காணவில்லை என்ற கணக்கே போட முடியும்.

இரண்டாவது, தன்னார்வலச் சகோதரிகள் ஏற்கெனவே எழுதும் பதிவேட்டில், வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உண்டா, அங்கன்வாடியில் எடுத்த கடைசி எடை என்ன என்ற இரண்டு கட்டங்களைச் சேர்க்க வேண்டும். அந்த எடையை மாத்திரை உறைமேலும் எழுதிக் கொடுத்தால், பதற்றத்தில் தாய் தொலைபேசியில் தேடித் தவிக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்கு விளையாட வரும் பிள்ளைகளையும், விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளையும் பற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது. தனியாக வாழும் முதியவரின் வீட்டில்தான் மாத்திரை மிகவும் எட்டும் இடத்தில் கிடக்கும். ஜன்னல் கம்பியில் தொங்கும் பிளாஸ்டிக் பை, தலையணைக்கு அடியிலுள்ள அட்டை, ஏழு நாளுக்கான திறப்பதற்கு எளிதான டப்பா ஆகியவற்றைக் கண்டால், தன்னார்வலரே அங்கேயே அதை உயரமான, மூடிய இடத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டு வரலாம். முதியவர்களுக்கு ஒரு வார்த்தை: கசப்பான மாத்திரையைக் காட்டிப் பிள்ளையிடம் "மிட்டாய்" என்று சொல்லாதீர்கள்.

மூன்றாவது, மாவட்டத்தின் அனைத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அரசு மருத்துவமனைகளுக்கும் ஒரு பக்கச் சுற்றறிக்கை. அதில் நீண்ட விளக்கம் வேண்டாம். சுகர் மாத்திரைக் குடும்பத்தின் பெயர்கள், 24 மணி நேரக் கண்காணிப்பு, முதல் பரிசோதனை சரியாக இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்ற கட்டளை, தேசிய நச்சுத் தகவல் மையத்தின் எண் ஆகியவை போதும். அம்லோடிபின் போன்ற பிரஷர் மாத்திரைகளையும் அதே தாளில் சேர்க்கலாம். அவற்றின் விளைவும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதித்து, இரத்த அழுத்தச் சரிவாகத் தெரியவரலாம் என்பதால் அவற்றுக்கும் இரவுக் கண்காணிப்பே பொருந்தும். ஆசாரிப்பள்ளத்தில் ஆக்ட்ரியோடைடு எப்போதும் இருப்பில் இருக்கிறதா என்பதைத் தாங்கள் ஒருமுறை நேரடியாகக் கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

தன்னார்வலர்களுக்கான அடுத்த பயிற்சி நாளில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால், மாத்திரை அட்டைகளையும் எடைக் கணக்கையும் வைத்து நடத்திக்காட்ட நானும், என்னோடு சேர்ந்து தொழில் செய்யும் சில மருந்தாளுநர்களும் வருவதற்கு ஆயத்தமாக இருக்கிறோம். தேதியை முன்கூட்டித் தெரிவித்தால் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்